வாங்குபவரே உஷார் – எதுவரை?

"வீட்டு வயரிங் 230 வோல்ட் அளக்கணும், எது நல்லதுண்ணே?" என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மல்டிமீட்டரையே வாங்கினேன் நண்பர்களே. லேபில் மற்ற மீட்டர்கள் 230 காட்ட, இது 180 என்றது! கடைக்காரரோ, "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லைக் காட்டினார்.

பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதே 'கேவியட் எம்ப்டார்' என்ற பழைய விதி. ஆனால் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அதற்கு விலக்கு வைத்திருக்கிறது. தேவையைச் சொல்லி, அந்தச் சரக்கை விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவியாக வேண்டும். கண்ணாடியிலும் ஒரு கீறல் இருந்தது. பார்த்துதானே வாங்கினேன், அதைப்பற்றி நான் வாய் திறக்க முடியாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு குறிக்காவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பன்னிரண்டாம் நாள் போய் இதைச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வேறு மீட்டர் தந்தார்.