வெயில் கிரீமின் பின்பக்கம்

மாநிறத் தோலும் கறுத்த தோலும் வெயிலில் அவ்வளவாகச் சிவந்து எரிவதில்லை. நமக்கு வரும் தொல்லை வேறு: கன்னத்தில் மங்கு, பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் மறையாத கரும்புள்ளி. ஆனால் சன்ஸ்கிரீன் டியூபின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், தோல் சிவப்பதைத் தடுக்கும் அளவைத்தான் சொல்கிறது. அதற்குக் காரணமான யூ.வி.பி. கதிரில் 30 எண் கொண்டது சுமார் 97 சதவீதத்தையும், 50 எண் கொண்டது 98 சதவீதத்தையும் தடுக்கும். அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டுமா என்பது என் சந்தேகம்.

அடுத்து பி.ஏ. என்ற எழுத்துகளைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வந்து தோலைக் கறுக்கச் செய்யும் யூ.வி.ஏ. கதிருக்கான ஜப்பானிய அளவுகோல் அது. நான்கு பிளஸ் இருந்தால் உச்சம். மூன்றுக்குக் கீழே வேண்டாம்.

இந்த இரண்டுமே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும், அதிலும் நீலப் பகுதி, கறுத்த தோலில் நெடுநாள் நிற்கும் கருமையை உண்டாக்கும். நிறமில்லாத கிரீம்கள் அந்த வெளிச்சத்தை அப்படியே உள்ளே விட்டுவிடும். அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு என்ற இரும்பு நிறமி. பொருட்பட்டியலில் அந்தப் பெயரோ, சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களோ இருக்கும். பட்டியல் அளவின் இறங்குவரிசையில் இருந்தாலும், நிறமிகளைக் கடைசியில் போடலாம் என்பது வழக்கம். அதனால் கடைசியில் இருப்பதைக் கண்டு குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். கையில் பிதுக்கிப் பாருங்கள், கிரீமே பழுப்பாக இருக்க வேண்டும்.

சென்னையின் மே மாதத்துக்கு இரண்டு டியூப்களை ஒப்பிடுவோம். முதலாவதில் எஸ்.பி.எஃப். 50, பி.ஏ. மூன்று பிளஸ். பட்டியலின் தொடக்கத்திலேயே ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, ஷியா பட்டர். பூசினால் முகம் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும்; வியர்வை வழியும்போது வெள்ளைக் கோடு விழும்; பரு வரும் தோலுக்கு அந்தப் பிசுபிசுப்பும் ஆகாது. இரண்டாவதில் எஸ்.பி.எஃப். 30, நான்கு பிளஸ். தண்ணீர், ஆல்கஹால், சிலிகா, கடைசியில் அந்த மூன்று எண்கள். நான் எடுப்பது இதைத்தான். எளிதில் எரியும் வறண்ட தோல் உள்ளவர்கள் மட்டும் ஆல்கஹால் இல்லாததைத் தேடலாம்.

எந்த டியூப் ஆனாலும், சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் முழுநீளத்துக்குப் பிதுக்கிய இரண்டு கோடு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பெரும்பாலோர் பாதிகூடப் பூசுவதில்லை. அப்போது அச்சிட்ட எண் கிடைக்காது. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 80 நிமிடம்’ என்பது தண்ணீரில் வைத்துச் சோதித்த கணக்கு. துண்டால் அழுத்தித் துடைத்தால் அது செல்லாது. வியர்வையை ஒற்றி எடுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.