தொண்ணூறு இலட்சம் கூடுதலா, குறைவா?

“நானா, குறிஞ்சாக்கேணியில வீடும் வளவும் தொண்ணூறு இலட்சம் கேக்காங்க. நியாயமான விலையா?” கிண்ணியாப் பக்கம் வீடு தேடும் இளைஞர் ஒருவர் மேசன் வேலை செய்யும் உறவினரிடம் இப்படித்தான் கேட்பார். காணி எத்தனை பேர்ச், வீடு எத்தனை சதுர அடி, எந்த ஒழுங்கை, கட்டி எத்தனை வருசம் என்று ஒன்றும் சொல்லமாட்டார். அனுபவமுள்ள மேசனாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த ஒழுங்கையில் பேர்ச் இரண்டு இலட்சம் என்றும், புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 8,000 ரூபாய் போகும் என்றும், வீட்டின் ஆயுள் 50 வருடம் என்றும் வைத்துக்கொள்வோம். காணி 20 பேர்ச் என்றால் 40 இலட்சம். ஆயிரம் சதுர அடி வீட்டை இன்று கட்ட 80 இலட்சம் வேண்டும். அது 20 வருடப் பழசு என்றால் ஐந்தில் இரண்டு பங்கைக் கழிக்க, 48 இலட்சம் மிஞ்சும். மொத்தம் 88 இலட்சம். தொண்ணூறு கேட்பது நியாயம்தான்.

அதே வீடு பத்துப் பேர்ச் காணியில் நின்றால் மதிப்பு 68 இலட்சமாக இறங்கிவிடும். இருபது பேர்ச்சில் ஐந்து வருட வீடு என்றால் 112 இலட்சமாக ஏறும். தொண்ணூறு என்ற ஒரே எண், ஒன்றில் நட்டம், மற்றதில் கொள்ளை மலிவு.

பரப்பை விற்பவரின் வாயிலிருந்து எடுக்கக் கூடாது, நில அளவை வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். புதிய வரைபடங்களில் ஹெக்டேயர்தான் இருக்கும், அதை 395.37 ஆல் பெருக்கினால் பேர்ச் வரும். 0.0506 ஹெக்டேயர் என்பது 20 பேர்ச்.

வயதை வருடத்தால் மட்டும் அளந்தாலும் பிழைக்கும். களப்புக் காற்றும் உப்பும் படும் வீட்டில் பிளேட்டின் அடிப்பக்கம் கொங்கிறீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், பத்து வருட வீட்டையும் பழைய வீட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். புதுப் பெயின்ட் அடித்த சுவரை விட, குளியலறைக்கு மேலுள்ள பிளேட்டை அண்ணாந்து பார்ப்பது பயன் தரும்.

இடம் என்பது ஊர்ப் பெயரோடு முடிவதில்லை. பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். தண்ணீருக்கு எந்தப் பக்கம் வீடு, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எந்த வழி, மாரியில் ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா என்பவை இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்விகள். பேர்ச் விலையும் அவற்றைப் பொறுத்தே மாறும்.

அந்த விலையை அறிய, அதே ஒழுங்கையில் அண்மையில் உறுதி முடிந்த இரண்டு மூன்று காணிகளை விசாரிக்க வேண்டும். விற்பவர் கேட்ட தொகையை விட்டுவிட்டு, வாங்கியவர் கொடுத்த தொகையை எழுதிக்கொண்டு பேர்ச்சால் வகுக்க வேண்டும்.