பீஸுக்கு இரண்டு ரூபாய் என்றால் மணிக்கு எவ்வளவு?

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரிடம் வருமானம் கேட்டால் சனிக்கிழமை கைக்கு வந்த தொகையைச் சொல்வார். காஞ்சிபுரத்தில் தறியில் உட்காருபவர் புடவைக்கு இவ்வளவு கூலி என்பார். இரண்டும் உண்மையான பதில்தான், ஆனால் இரண்டிலும் நேரம் இல்லை. அந்தத் தொகைக்காக எத்தனை மணிநேரம் போனது, எத்தனை பேருடைய நேரம் போனது என்பது எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. துண்டுக் கூலியில் ஏமாற்று நடப்பது பெரும்பாலும் ரேட்டில் அல்ல, எழுதப்படாத இந்த மணிகளில்தான். ரேட்டில் பத்துப் பைசா ஏற்றக் கேட்டு வாரக்கணக்கில் பேசுபவர்கள்கூட, நூல் வராமல் சும்மா உட்கார்ந்த ஒன்றரை மணிநேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ரேட் ஏறிய மாதமே காத்திருப்பும் ஏறினால் உயர்வு கைக்கு வந்து சேராது.

சட்டம் இந்த மணிகளைக் கவனிக்காமல் விடவில்லை. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்ற பேச்சு கம்பெனிகளில் சாதாரணமாக உலவுகிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அப்போதே அதற்கு இடம் தரவில்லை. ஒரு தொழிலுக்கு நேர அடிப்படையில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருந்தால், துண்டுக் கணக்கில் வேலை வாங்குபவரும் அந்தத் தொகைக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்றது அது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. இன்னொரு விதி அதைவிடக் குறைவாகவே அறியப்பட்டது. வேலை செய்யத் தயாராக வந்தவருக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால், அந்தக் காரணத்தைச் சொல்லி நாள் கூலியைக் குறைக்க முடியாது. கட்டிங் வரவில்லை, மெஷின் பழுது, கரண்ட் இல்லை என்ற நேரமெல்லாம் டெய்லருடைய நஷ்டம் என்று நடைமுறையில் ஆகிவிட்டது. சட்டத்தின் கண்ணில் அது வேலைநேரம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஓவர்லாக் மெஷினில் ஒரு தையலுக்குப் பீஸுக்கு 2 ரூபாய், கை ஓடினால் மணிக்கு 60 பீஸ். மணிக்கு 120 ரூபாய் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை, கம்பெனிக்குள் இருந்தவருக்கு நாள் எப்படிப் போகிறது? சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணிநேரம் போக மீதி 11 மணி. அதில் கை ஓடியது 8 மணி, 480 பீஸ். பண்டல் வரக் காத்திருந்தது ஒன்றரை மணி. செக்கிங்கில் திரும்பி வந்ததைப் பிரித்துத் தைத்தது ஒரு மணி. இதற்குத் தனிக் கூலி இல்லை. மெக்கானிக் வரும்வரை அரை மணி. 480 பீஸுக்கு 960 ரூபாய், அதில் 20 பீஸ் ரிஜெக்ட் என்று கழித்தால் 920. அதைப் பதினொன்றால் வகுத்தால் மணிக்கு 83 ரூபாய் 60 பைசா. பிரித்துத் தைத்த நேரம் டெய்லரின் தவறால் வந்ததுதானே, அதை ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். தவறு எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது அது. துணி கோணலாக வெட்டப்பட்டு வந்தாலும், பேட்டர்ன் நடுவில் மாறினாலும் பீஸ் திரும்பி வருவது டெய்லரிடம்தான். காரணத்தையும் சேர்த்து எழுதி வைத்தால்தான் யார் தவறு என்று பிறகு பேச முடியும்.

இந்த 83 ரூபாய் 60 பைசாவிலும் ஓவர்டைம் ஒளிந்திருக்கிறது. வாரம் ஆறு நாள் இப்படிப் போனால் 66 மணிநேரம், கையில் 5,520 ரூபாய். 48 மணிக்கு மேல் செய்த 18 மணிநேரத்துக்கு இரட்டைக் கூலி சேர வேண்டும். பீஸ் ரேட்காரருக்கு ஓ.டி. கிடையாது என்பது இன்னொரு பொய். அவர்களுக்கு ஓ.டி. எப்படிப் போடுவது என்பதை 1948 தொழிற்சாலைகள் சட்டமே எழுதி வைத்திருந்தது: அதே வேலையில் முந்தைய மாதம் முழு நேரம் உழைத்த நாட்களின் சராசரி வருமானமே அவருடைய நேரக் கூலி, அதன் இரு மடங்கு ஓ.டி. ஆகவே சம்பளத்தை ஒப்பிட ஒரு சுலபமான வழி உண்டு. ஓவர்டைம் மணிகளை இரண்டாக எண்ணுங்கள். 48-உடன் 36 சேர்ந்தால் 84. 5,520 ரூபாயை 84-ஆல் வகுத்தால் மணிக்கு 65 ரூபாய் 70 பைசா. எட்டு மணி நாளுக்கு ஏறத்தாழ 526 ரூபாய். உங்கள் வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான், மனக்கணக்கில் வந்த 120 அல்ல. அந்த அறிவிப்பைப் பார்க்கும்போது அடிப்படைக் கூலியோடு நின்றுவிடக் கூடாது. சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும் அகவிலைப்படியையும் கூட்டினால்தான் அது முழுத் தொகை. பேரத்தில் இந்தப் பகுதி பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இதற்கு முதலாளிகள் தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கை வேகமானவர் பீஸ் ரேட்டில் ஷிப்ட் சம்பளத்தைவிட அதிகம் பார்க்கிறார், அதனால்தான் டெய்லர்களே அதைக் கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். யாரும் அதைத் தடுக்கவும் சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி என்பது தரை. அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அது பீஸ் ரேட்டின் பலன். ஆனால் லைனில் மிக வேகமான ஒருவரின் வருமானத்தைக் காட்டி ரேட்டை நியாயப்படுத்துவது வேறு. நடுத்தரக் கை உள்ளவர், சாதாரண ஒரு வாரத்தில், காத்திருப்பும் சேர்த்து அந்தத் தரையை எட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த ரேட்டுக்கு அவரே ஒப்புக்கொண்டுதானே வந்தார் என்ற வாதமும் நிற்காது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-இல், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வறுமையால் சம்மதிப்பதும் ஒரு கட்டாயம்தான் என்றது அந்தத் தீர்ப்பு.

கைத்தறியில் கணக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் அங்கே மறைவது ஒருவர் நேரம் மட்டுமல்ல. ஒரு பாவில் மூன்று பட்டுப் புடவை, புடவைக்கு 7,000 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். ஒரு புடவை எட்டு நாளில், நாளுக்கு எட்டு மணிநேரத்தில் இறங்கினால் 64 மணி. மணிக்கு 109 ரூபாய் போலத் தெரியும். இனிப் பாவு முழுவதற்கும் பார்ப்போம். நெய்தது 192 மணி. புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு பிணைத்து, அறுந்த இழை எடுத்துத் தறியைச் சரிசெய்ய வீட்டாருக்குப் போனது 16 மணி. மனைவி தினம் இரண்டரை மணிநேரம் தார் சுற்றியது, 24 நாளுக்கு 60 மணி. நூல் வாங்கவும் புடவை கொடுக்கவும் போய்க் காத்திருந்தது 12 மணி. ஆக 280 மணிநேரம். மூன்று புடவைக்கு வந்த 21,000-இல் பாவு பிணைக்க வந்தவர் கூலி, பஸ் செலவு, அச்சு, விழுது, நாடா பழுது என்று 1,800 போகட்டும். ஒரு புடவையில் குறை சொல்லிப் பிடித்தது 400. மீதி 18,800. மணிக்கு 67 ரூபாய் சொச்சம். மனைவியின் 60 மணிநேரத்தை ‘வீட்டு உதவி’ என்று விட்டுவிட்டால் கணக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்தத் தாரை வெளியாளிடம் சுற்றக் கொடுத்தால் காசு கொடுக்க வேண்டும், அதனால் அது உதவி அல்ல, உழைப்பு. அடுத்த பாவு வரக் காத்த ஆறு நாளை நான் மணிக்கணக்கில் சேர்க்கவில்லை. அந்த நாட்களில் வேறு வேலைக்குப் போயிருக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. அதைத் தனியாக வைத்துப் பார்க்கலாம்: நெய்த 24, தறி சரிசெய்த இரண்டு, காத்த ஆறு, மொத்தம் 32 நாளில் 18,800 ரூபாய். இரண்டு பேர் உழைத்த வீட்டுக்கு நாளுக்கு 590-க்கும் குறைவு.

வீட்டில் நினைத்தபோது உட்காருகிறார்கள், நடுவில் சமையலும் பிள்ளைகளும் உண்டு, மணி எண்ணுவது எப்படி என்பார்கள். கடினம்தான், ஆனால் முடியாததல்ல. தறியில் உட்கார்ந்தபோதும் எழுந்தபோதும் மணியைக் குறித்தால் போதும். நடுவில் போன சமையல் தானே விலகிவிடும். ஒரு பாவு முழுக்க இப்படிக் குறித்தால் அந்த ரகத்துக்கு ஒரு நம்பகமான எண் கிடைக்கும். ரகம் மாறினால், ஜக்கார்டு அட்டை மாறினால் மறுபடி குறிக்க வேண்டும். ஒரே கூலியில் வேலைப்பாடு கூடிய டிசைன் வருவது இந்தக் கணக்கில்தான் வெளியே தெரியும்.

கையில் எண் இருந்தாலும் அதைக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. கம்பெனிக்குள் தைப்பவர் கான்ட்ராக்டரின் ஆள், பீஸ் ரேட், அதனால் தொழிலாளியே அல்ல என்று சொன்னால் அதற்குப் பதில் பழையது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், துண்டுக் கூலிக்குத் தைத்தவர்களை அந்தக் கடையின் ஊழியர்களாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது. கடையிலேயே, கடையின் மெஷினில் தைத்தார்கள், தையல் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்கு இருந்தது என்பவை அதற்குக் காரணங்கள். வீட்டுத் தறிக்காரரின் நிலை இதைவிடப் பலவீனமானது. பொருளைக் கொடுத்து வெளியே வேலை வாங்கப்படுபவரை 1948 சட்டம் தன் வரையறையில் வெளிப்படையாகச் சேர்த்திருந்தது. புதிய தொகுப்பின் வரையறையில் அந்தச் சொற்கள் இல்லை. ஆகவே நூலையும் ஜரிகையையும் டிசைனையும் கொடுத்தது யார், குறை சொல்லிப் பணம் பிடித்தது யார் என்பதைக் காட்டும் சீட்டுகள் அவருக்கு இன்னும் முக்கியம். கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்கு வழி வேறு: கூலி திருத்தம் பேசும்போது இந்த 280 மணியைப் பொதுக்குழுவில் எடுத்து வைப்பது.

குறைவாகக் கொடுத்த கூலியைக் கோரும் மனுவுக்குப் புதிய தொகுப்பு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் அது ஆறு மாதமாக இருந்தது. தனி ஆளாகவும் போகலாம், சங்கம் வழியாகவும் போகலாம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. ஆனால் எத்தனை மணி வேலை நடந்தது என்ற கேள்வி வந்தால் கம்பெனி தன் ரிஜிஸ்டரை நீட்டும். அதில் 48 மணி மட்டும் இருக்கலாம். அப்போது எதிரே வைக்க ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் வேண்டும்: தேதி, உள்ளே போன மணி, வெளியே வந்த மணி, பீஸ் எண்ணிக்கை, நின்ற நேரமும் அதன் காரணமும், அன்றன்றைக்கே எழுதியது. பண்டல் டிக்கெட்டையோ கூலிச் சீட்டையோ செல்போனில் படம் எடுத்து வைத்தால் அந்தப் பக்கங்களுக்குத் துணை. ஒரே லைனில் உட்காரும் நான்கு பேர் தனித்தனியே எழுதி, நான்கிலும் அதே நாளில் அதே ஒன்றரை மணி பண்டல் வரவில்லை என்று இருந்தால், அதைத் தள்ளிவிடுவது ரிஜிஸ்டருக்குக் கடினம்.