255-க்குக் குறையாது: ஹனோய் கோபுரத்தின் கணக்கு

1883-இல் பிரான்சில் ஒரு விளையாட்டுப் பொருள் விற்பனைக்கு வந்தது. ஒரு பலகையில் மூன்று கம்பங்கள். முதல் கம்பத்தில், நடுவில் துளையிட்ட எட்டு வட்டுகள், பெரியது அடியிலும் சிறியது உச்சியிலுமாகக் கோபுரம் போல அடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கோபுரத்தை அப்படியே மூன்றாவது கம்பத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் எடுக்கலாம். சிறிய வட்டின் மேல் பெரியதை வைக்கக் கூடாது. விதிகள் அவ்வளவுதான். 'ஹனோய் கோபுரம்' என்ற இந்தப் புதிரைப் புனைபெயரில் வெளியிட்டவர் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித ஆசிரியர்.

பொறுமையாக உட்கார்ந்தால் யாரும் கோபுரத்தை மாற்றிவிடலாம். குறைந்தபட்சம் எத்தனை நகர்த்தல்கள் வேண்டும் என்பதுதான் கணிதக் கேள்வி. ஒருவர் 255 நகர்த்தல்களில் முடித்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் கெட்டிக்காரர் ஒருவர் 240-இல் முடிக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எட்டு வட்டுகளை ஒரேயடியாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மூன்றில் தொடங்குவோம். சிறிய வட்டைக் கடைசிக் கம்பத்துக்கும் நடு வட்டை நடுக் கம்பத்துக்கும் மாற்றி, சிறியதை எடுத்து நடு வட்டின் மேல் வைக்கிறோம். இதுவரை மூன்று நகர்த்தல்கள். இப்போது முதல் கம்பத்தில் பெரிய வட்டு மட்டும் இருக்கிறது. கடைசிக் கம்பம் காலி. நான்காவது நகர்த்தலில் பெரிய வட்டு தன் இடத்துக்குப் போய்விடுகிறது. பிறகு சிறியதை முதல் கம்பத்துக்கும் நடு வட்டைக் கடைசிக் கம்பத்துக்கும் மாற்றி, சிறியதை அதன் மேல் வைத்தால் வேலை முடிந்தது. மொத்தம் ஏழு.

இந்த ஏழையும் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்று நகர்த்தல்களில், இரண்டு வட்டுகள் கொண்ட சின்னக் கோபுரம் ஒன்று நடுக் கம்பத்துக்கு இடம் மாறியது. பிறகு பெரிய வட்டு ஒருமுறை நகர்ந்தது. கடைசி மூன்றில் அதே சின்னக் கோபுரம் பெரிய வட்டின் மேல் ஏறியது. எத்தனை வட்டுகள் இருந்தாலும் இதே வழியில் போகலாம். அடியிலுள்ள பெரிய வட்டு, எல்லாவற்றையும்விடப் பெரியது என்பதால், தன் மேல் வரும் எதற்கும் இடைஞ்சல் செய்யாது. ஆகவே ஒரு வட்டு கூடினால், முந்தைய எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் நகர்த்தல்கள் போதும்.

'போதும்' என்பது பாதி விடைதான். அதற்குக் குறைவாக முடியாது என்பதையும் காட்ட வேண்டும். புதிரைப் பலருக்கும் விளக்கும்போது விட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான்.

எவ்வளவு சாமர்த்தியமாக ஆடினாலும், பெரிய வட்டு ஒரு கட்டத்தில் முதல் கம்பத்தை விட்டு நகர்ந்தே ஆக வேண்டும். அது முதன்முறையாக நகரும் கணத்தை மட்டும் கவனிப்போம். அப்போது அதன் மேல் எதுவும் இருக்கக் கூடாது. அது போய் உட்காரும் கம்பத்திலும் எதுவும் இருக்கக் கூடாது. இருப்பவை எல்லாம் அதைவிடச் சிறியவை. மீதமிருப்பது ஒரே கம்பம். எனவே மற்ற வட்டுகள் அத்தனையும் அந்த ஒரே கம்பத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது ஒரு வட்டு குறைந்த கோபுரத்தை முழுதாக ஒருமுறை மாற்றியாகிவிட்டது. பெரிய வட்டு கடைசியாக நகர்ந்து சேருமிடம் சேரும் கணத்திலும் இதே நிலைமைதான். மற்றவை எல்லாம் வேறொரு கம்பத்தில் இருக்கின்றன. அங்கிருந்து அந்தக் கோபுரத்தை முழுதாக இன்னொரு முறை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய வட்டு குறைந்தது ஒருமுறையாவது நகர்ந்திருக்கும். ஆக, இரு மடங்கும் ஒன்றும் கட்டாயம் தேவை. போதுமான எண்ணும் தேவையான எண்ணும் ஒன்றாகிவிட்டதால் இனி சந்தேகத்துக்கு இடமில்லை. n வட்டுகளுக்கு வேண்டிய மிகக் குறைந்த நகர்த்தல்களை T(n) என்று குறித்தால்:

T(n) = 2T(n − 1) + 1

முந்தைய எண்ணைக் கொண்டு அடுத்த எண்ணைத் தரும் இத்தகைய விதியைக் கணிதத்தில் மீள்வரு தொடர்பு என்பார்கள். ஒரு வட்டுக்கு ஒரு நகர்த்தல் என்று தொடங்கி ஏறிக்கொண்டே போனால் 1, 3, 7, 15, 31, 63, 127, 255 என்று வரும். லூக்காவின் எட்டு வட்டுகளுக்கு விடை 255. நொடிக்கு ஒரு வட்டு மாற்றினால் நான்கே கால் நிமிடம்.

ஆனால் நூறாவது எண் வேண்டுமென்றால் தொண்ணூற்றொன்பது எண்களையும் கடந்துதான் போக வேண்டுமா? வரிசையில் ஒவ்வோர் எண்ணுடனும் ஒன்றைக் கூட்டுங்கள்: 2, 4, 8, 16, 32. இவை இரண்டின் அடுக்குகள். அப்படியானால் n வட்டுகளுக்கு 2ⁿ − 1 என்று ஊகிக்கலாம். சில எண்களுக்குப் பொருந்துவதால் மட்டும் இந்த ஊகம் எல்லா எண்களுக்கும் உண்மையாகிவிடாது. அதற்குத்தான் கணிதத் தொகுத்தறிதல்.

அதில் இரண்டே படிகள். முதல் படி: ஒரு வட்டுக்கு 2¹ − 1 = 1; சரிதான். இரண்டாம் படி: k வட்டுகளுக்குச் சூத்திரம் சரி என்று கொள்வோம். அப்போது k + 1 வட்டுகளுக்கு என்ன ஆகும்? நம் தொடர்பில் பொருத்தினால்

2(2ᵏ − 1) + 1 = 2ᵏ⁺¹ − 2 + 1 = 2ᵏ⁺¹ − 1

என்று அதே சூத்திரம் அடுத்த எண்ணுக்கும் வந்துவிடுகிறது. ஒன்றுக்குச் சரி என்பதால் இரண்டுக்குச் சரி. இரண்டுக்குச் சரி என்பதால் மூன்றுக்குச் சரி. இப்படியே எந்த எண்ணையும் எட்டிவிடலாம்.

1884-இல் ஆன்றி தெ பார்வில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இந்தப் புதிரைச் சுற்றி ஒரு கதை சொன்னார். காசியில் ஒரு கோயிலில் அர்ச்சகர்கள் 64 தங்க வட்டுகளை இரவும் பகலும் மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். வேலை முடியும்போது உலகமும் முடிந்துவிடுமாம். கற்பனைக் கதைதான், என்றாலும் கணக்கை இப்போது நம்மால் போட முடியும். 2⁶⁴ − 1 என்பது 18,446,744,073,709,551,615. நொடிக்கு ஒன்று என்றாலும் ஏறத்தாழ 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

வரிசையைப் பார்த்து ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அறிய, இன்னொரு கம்பத்தைச் சேர்த்தால் போதும். நான்கு கம்பங்கள் இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று வட்டுகளுக்கு 1, 3, 5 நகர்த்தல்கள். அடுத்தது 7 என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை விடை 9. நம் பழைய வாதமும் இங்கே நிற்காது. பெரிய வட்டு நகரும்போது மற்றவை ஒரே கம்பத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. இரண்டு கம்பங்களில் பிரிந்து நிற்கலாம். எப்படிப் பிரித்தால் மிகச் சிக்கனம் என்ற கேள்வி புதிதாக முளைக்கிறது.

ஆங்கிலேயப் புதிர் வல்லுநர் ஹென்றி டூடனி 1907-இல் வெளியிட்ட நூலில் இந்த நான்கு கம்பப் புதிர் இருக்கிறது. எட்டு வட்டுகளுக்கு அங்கே 33 நகர்த்தல்கள் போதும். எல்லா எண்ணிக்கைக்கும் பொருந்தும் ஒரு வழிமுறையை ஃபிரேம், ஸ்டூவர்ட் என்ற இருவர் 1941-இல் தனித்தனியே தந்தார்கள். அதற்குக் குறைவாக முடியாது என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தியரி பூஷ் 2014-இல்தான் நிரூபித்தார். மூன்று கம்பங்களுக்கு ஒரு பத்தியில் முடிந்த அந்த இரண்டாம் பாதிக்கு, நான்கு கம்பங்களில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஐந்தும் அதற்கு மேலும் கம்பங்கள் இருந்தால், அந்த வழிமுறைதான் மிகக் குறைந்தது என்பதற்கு இன்றுவரை பொதுவான நிரூபணம் இல்லை.