‘சேதாரம் 6% முதல்’: புதுக் கிளை விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

ஊரில் புதிதாக ஒரு நகைக்கடை கிளை திறந்தால், முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். படத்துக்குக் கீழே நாலைந்து வரி. முகவரி, நேரம், ‘916 ஹால்மார்க்’, ‘செய்கூலி இல்லை’, ‘சேதாரம் 6% முதல்’. பார்த்ததும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் நம் பணம் எங்கே போகும், எங்கே மிஞ்சும் என்பதெல்லாம் அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது.

முதலில் 916. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு. இதுதான் 22 கேரட். விளம்பரத்தில் 916 என்று எழுத யாராலும் முடியும். நகையில் முத்திரை விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ்.ஸின் முக்கோணச் சின்னம், 22K916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. செயினில் கொக்கிக்குப் பக்கத்திலும் மோதிரத்தில் உள்வளையத்திலும் பொடியாக இருக்கும். கடையில் பூதக்கண்ணாடி கேளுங்கள், கட்டாயம் தர வேண்டும். அந்த ஆறு இலக்கத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது என்ன நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் சோதித்தார்கள் என்பது வரும். செயலி ‘மோதிரம்’ என்று காட்ட, உங்கள் கையில் இருப்பது வளையல் என்றால் அந்த நகையை அங்கேயே வைத்துவிடுங்கள். நகைக்கடையின் பெயர் மட்டும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். செய்து கொடுத்த மொத்த வியாபாரி முத்திரை வாங்கியிருக்கலாம்; கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டால் போதும்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ‘எல்லாமே ஹால்மார்க்’ என்று எழுதும் கடையில் குழந்தைக்கு ஒரு கிராம் மோதிரம் வாங்கும்போதும் முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

முகவரி வரிக்கும் இதில் பங்கு உண்டு. ஹால்மார்க் நகை விற்பதற்கான பி.ஐ.எஸ். பதிவு ஒவ்வொரு கடைக்கும் அதன் முகவரியோடு தரப்படுவது. தலைமைக் கடையின் பதிவை வைத்துப் புதுக் கிளையை நடத்த முடியாது. கடைக்குள் மாட்டியிருக்கும் சான்றிதழில் நீங்கள் நிற்கும் தெருவின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தூய்மையில் ஏமாற்றுவது இப்போது அவ்வளவு எளிதில்லை. பணம் கரைவது பெரும்பாலும் சேதாரத்தில்தான். ஆசாரி நகை செய்யும்போது உருக்கி, இழுத்து, ராவி, மெருகேற்றுகையில் கொஞ்சம் தங்கம் வீணாகும். அதற்கு ஈடாக வந்ததுதான் சேதாரம். இன்று பல நகைகள் இயந்திரத்தில் வருகின்றன, வீணாகும் துகளையும் சேகரித்து உருக்கிவிடுகிறார்கள். ஆகவே இன்றைய சேதாரம் பெரும்பாலும் வேலைக்கூலியும் கடையின் லாபமும் சேர்ந்த ஒரு தொகை. அதை வாங்குவது தப்பில்லை. எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லாததுதான் தப்பு. இதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. ஹால்மார்க் தூய்மையைத்தான் சொல்லும், சேதாரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

‘6% முதல்’ என்பதில் ‘முதல்’தான் கவனிக்க வேண்டிய சொல். ஆறு சதவீதத்தில் வருவது ஒன்றிரண்டு சாதா டிசைனாக இருக்கும். உங்களுக்குப் பிடித்த ஆரத்துக்கு இருபதுக்கு மேல் போகலாம். ‘சேதாரத்தில் 25% தள்ளுபடி’ என்பதும் அப்படித்தான். 16 சதவீதம் போட்டு அதில் கால்பங்கு குறைத்தால் 12 வரும். பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாமல் 12 இருக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பவுன் செயின், 16 கிராம். கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடையில் ‘செய்கூலி இல்லை’, சேதாரம் 12 சதவீதம். 16 கிராமுக்கு 1.92 கிராம் சேதாரம் சேர்ந்து 17.92 கிராமுக்கு 1,79,200 ரூபாய். ஜி.எஸ்.டி. 3 சதவீதம் சேர்த்தால் 1,84,576. இரண்டாவது கடையில் சேதாரம் 8 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 300. சேதாரத்தோடு 17.28 கிராம், அதாவது 1,72,800, செய்கூலி 4,800, வரியோடு 1,82,928. ஆக ‘செய்கூலி இல்லை’ என்ற கடையில் 1,648 ரூபாய் கூடுதல். அதனால் இரண்டு கடைகளை ஒப்பிடும்போது ஒரே எடையுள்ள நகைக்கு வரி உட்பட மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ஹால்மார்க் கட்டணம் நகைக்கு 45 ரூபாயும் அதன் வரியும்தான். அதற்கு மேல் அந்தப் பெயரில் நூறும் இருநூறும் போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

கல் வைத்த நகையில் இன்னொரு சிக்கல். மொத்த எடை 16 கிராம், அதில் கல் ஒரு கிராம் என்றால் தங்கத்துக்கான விலையும் சேதாரமும் 15 கிராமுக்குத்தான் வர வேண்டும். கல்லைக் கழிக்காமல் போட்டால் அந்த ஒரு கிராம் கல்லுக்கு 10,000 ரூபாயும், அதன்மேல் சேதாரமும் கொடுக்கிறீர்கள். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தங்கம் விலை காலையில் அறிவிக்கப்படுகிறது; ஏற்ற இறக்கம் உள்ள நாட்களில் பிற்பகலில் மறுபடியும் மாறுகிறது. கடை திறந்த உடனே போனாலும், எந்த விலையில் பில் போடுகிறார்கள் என்று பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நேர்மையான விளம்பரம் எப்படி இருக்கும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“எங்கள் புதுக் கிளை மேற்கு ரத வீதியில், தபால் நிலையத்துக்கு எதிரில். தினமும் காலை 10 முதல் இரவு 9 வரை. தங்க நகை அனைத்தும் 22 கேரட் 916, எச்.யு.ஐ.டி. முத்திரையோடு. சாதா செயின், வளையலுக்குச் சேதாரம் 8 முதல் 12 சதவீதம்; நகாசு, கல் நகைக்கு 16 முதல் 24 சதவீதம். செய்கூலி தனியாக இல்லை. கல் எடை கழித்தே விலை. ஜி.எஸ்.டி. 3 சதவீதமும் ஹால்மார்க் கட்டணமும் தனி. எங்களிடம் வாங்கிய நகையைத் திருப்பித் தந்தால் நிகர எடைக்கு அன்றைய 22 கேரட் விலை.”

இதில் ‘முதல்’ போலவே ‘வரை’யும் இருக்கிறது. அதிகபட்சத்தை எழுதுகிற கடையைத்தான் நான் நம்புவேன். கடைசி வரியையும் பல கடைகள் எழுதுவதில்லை. மேலே சொன்ன முதல் கடையின் செயினை மறுநாளே திருப்பிக் கொடுத்தால், விலை மாறாமல் இருந்தாலும், அதிகபட்சம் 16 கிராமுக்கான 1,60,000 ரூபாய்தான் கிடைக்கும். சேதாரமும் வரியுமாக 24,576 ரூபாய் திரும்பி வராது.

நகையைச் சந்தேகப்பட்டால் பி.ஐ.எஸ். அங்கீகரித்த சோதனை மையத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஹால்மார்க்கில் உள்ளதைவிடத் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்க பி.ஐ.எஸ். விதிகளில் இடம் உண்டு. அதற்கு ஆதாரம் பில்தான். கேரட், நிகர எடை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் எழுதிய முறையான பில்லை வாங்காமல், ‘பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்’ என்று சொல்லும் கடையில் நகை வாங்காதீர்கள்.