பத்து இலக்கத்தைத் தேட எத்தனை பக்கம் புரட்ட வேண்டும்?

வாட்ஸ்அப்பிலும் போனிலும் ஆர்டர் எடுக்கும் ஓர் இனிப்புக் கடையை எடுத்துக்கொள்வோம். "போன வாரம் ரெண்டு கிலோ மைசூர்பாகு சொல்லியிருந்தேன், இன்னும் வரலையே" என்று ஒரு வாடிக்கையாளர் கூப்பிடுகிறார். "உங்க நம்பர் சொல்லுங்கம்மா" என்று கேட்டு, கவுண்ட்டரில் இருப்பவர் பத்து இலக்கத்தைத் தட்டுகிறார். கடை ஆன்லைனில் இறங்கிய முதல் வருடத்தில், என்டர் அழுத்திய கையோடு ஆர்டர் திரைக்கு வந்தது. மூன்றாம் வருடத் தீபாவளியில் அதே தேடலுக்கு நாலைந்து நொடி ஆகிறது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் தேடினால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. முதலாளி கூடுதல் பணம் கட்டிப் பெரிய சர்வருக்கு மாறுகிறார். சில மாதம் சரியாக ஓடுகிறது, மறுபடியும் இழுக்க ஆரம்பிக்கிறது.

இந்த இழுவைக்குக் காரணம் சர்வர் இல்லை. டேட்டாபேஸ் அந்த எண்ணை எப்படித் தேடுகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

பலரும் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தகவலை 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக வட்டில் எழுதிவைக்கிறது. ஓர் ஆர்டருக்குச் சுமார் 200 பைட் என்றால், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 40 ஆர்டர் அடங்கும். மூன்று வருடத்தில் 20 லட்சம் ஆர்டர் சேர்ந்திருந்தால் மொத்தம் 50,000 பக்கம், அதாவது 400 மெகாபைட். ஆர்டர்கள் வந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு போன் நம்பர் எங்கே இருக்கிறது என்று டேட்டாபேஸுக்குத் தெரிய வழியே இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். அந்த அம்மாவின் ஏழு ஆர்டரைக் காட்ட 20 லட்சம் ஆர்டரையும் பார்க்கிறது. ஆர்டர் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும். பெரிய சர்வர் அதே வீண் வேலையைக் கொஞ்சம் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து இண்டெக்ஸ். டேபிளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பட்டியல்: போன் நம்பர்கள் எல்லாம் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றோடும் 'இந்த ஆர்டர் இந்தப் பக்கத்தில்' என்ற குறிப்பும் சேர்ந்திருக்கும். அந்தப் பட்டியலும் பக்கங்களாகத்தான் வட்டில் இருக்கிறது. ஆனால் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கும். மேல்மட்டத்தில் ஒரே பக்கம். எந்த எண் வரம்புக்கு எந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும் என்று அது வழி காட்டும். அதற்குக் கீழே இன்னொரு மட்டம், அடிமட்டத்தில் எண்களின் முழுப் பட்டியல். 1970 வாக்கில் போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கிய பி-ட்ரீ அமைப்பு இது. இன்றைய டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் இதையே நம்பி இருக்கின்றன.

இதன் பலம் எண்ணிக்கையில் தெரியும். போன் நம்பருக்கான இண்டெக்ஸின் ஒரு பக்கத்தில் சுமார் 250 பதிவு கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மட்டம் இருந்தால் 62,500 பதிவு வரை போகலாம். மூன்று மட்டம் என்றால் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். ஆக 20 லட்சம் ஆர்டருக்கு மூன்று இண்டெக்ஸ் பக்கம் புரட்டினால் எண் கிடைத்துவிடும். அந்த அம்மாவின் ஏழு ஆர்டர்கள் ஏழு வெவ்வேறு பக்கத்தில் சிதறிக் கிடந்தாலும் மொத்தம் பத்துப் பக்கம்தான். ஐம்பதாயிரம் எங்கே, பத்து எங்கே! ஆர்டர் பத்து மடங்காகி 2 கோடி ஆனாலும் இன்னும் ஒரு மட்டம் கூடும். ஒரு பக்கம் அதிகமாகப் படித்தால் போதும்.

நம் டேபிளில் இப்போது என்ன நடக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லை, டேட்டாபேஸே சொல்லும்:

```sql
EXPLAIN ANALYZE
SELECT * FROM orders WHERE phone = $1;
```

`$1` இருக்குமிடத்தில் தேட வேண்டிய எண்ணைப் போட்டு ஓட்ட வேண்டும். பதிலில் `Seq Scan` அல்லது `Parallel Seq Scan` என்று வந்தால், முழு டேபிளையும் படித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே `Rows Removed by Filter` என்ற வரியில் எத்தனை ஆர்டரைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டது என்ற கணக்கு இருக்கும். அது லட்சக்கணக்கில் நிற்பதைப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம். இண்டெக்ஸ் போட்டபின் `Index Scan` அல்லது `Bitmap Heap Scan` என்று மாறவேண்டும். ஐந்நூறு ஆர்டர் மட்டும் உள்ள சோதனை டேபிளில் இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவ்வளவு சின்ன டேபிளை முழுக்கப் படிப்பதே லாபம் என்று கணக்குப் போட்டு, இண்டெக்ஸ் இருந்தாலும் டேட்டாபேஸ் அதைத் தொடாமல் விட்டுவிடலாம்.

நம் கடைக்கு நான் போடும் முதல் இண்டெக்ஸ் இது:

```sql
CREATE INDEX CONCURRENTLY orders_phone_time
ON orders (phone, ordered_at);
```

போன் நம்பர் முதலில், ஆர்டர் வந்த நேரம் அடுத்தது. கவுண்ட்டரில் இருப்பவருக்கு வேண்டியது அந்த எண்ணின் கடைசி சில ஆர்டர்கள்தான். ஒரே எண்ணின் ஆர்டர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் அடுத்தடுத்து, அதுவும் நேர வரிசையில் இருக்கும். கடைசியிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். இடம் மாற்றி நேரத்தை முதலில் வைத்தால் ஒரே வாடிக்கையாளரின் ஆர்டர்கள் மூன்று வருடத்துக்கும் சிதறிப்போகும். 'சரியாக இந்த மதிப்பு' என்று தேடுவதை முன்னாலும், 'இதிலிருந்து இதுவரை' என்று தேடுவதைப் பின்னாலும் வைப்பதுதான் முறை. இது இருந்தால் போன் நம்பருக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் தேவைப்படாது.

`CONCURRENTLY` என்ற சொல் முக்கியம். அதை விட்டுவிட்டு இண்டெக்ஸ் போட்டால், அது கட்டி முடியும் வரை புது ஆர்டர் எதையும் டேபிள் ஏற்காது. தீபாவளி நேரத்தில் அது எப்பேர்ப்பட்ட நஷ்டம்! இந்தச் சொல்லோடு போட்டால் அதிக நேரம் எடுக்கும், ஆனால் கடை ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஏதாவது தடை வந்தால் `INVALID` என்று குறிக்கப்பட்ட அரைகுறை இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அது தேடலுக்கு உதவாது. நீக்கிவிட்டு மறுபடியும் போடவேண்டும்.

இண்டெக்ஸ் போட்டாயிற்று, ஆனாலும் சிலருடைய ஆர்டர் கிடைப்பதில்லை என்று புகார் வரலாம். அப்போது எண் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முறை +91 சேர்த்து, ஒரு முறை முன்னால் பூஜ்யம் போட்டு, ஒரு முறை நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருந்தால், நமக்கு ஒரே எண். இண்டெக்ஸுக்கு மூன்று எண்கள். இதைச் சமாளிக்க, 'எண்ணுக்கு முன்னால் என்ன இருந்தாலும் பரவாயில்லை' என்று `LIKE '%...'` பாணியில் தேடுபவர்கள் உண்டு. அங்கேதான் வேகம் மொத்தமாகப் போகிறது. வரிசை முதல் இலக்கத்திலிருந்து தொடங்குகிறது. முதல் இலக்கம் தெரியாதபோது வரிசையால் பயனில்லை, பழையபடி ஐம்பதாயிரம் பக்கம். சேமிக்கும்போதே எல்லா எண்ணையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, தேடும்போதும் அதே வடிவத்துக்கு மாற்றித் தேடுவதுதான் நிலைத்த வழி. எண்ணை எழுத்தாகச் சேமித்திருக்கும் மைஎஸ்க்யூஎல் டேபிளில், மேற்கோள்குறி இல்லாமல் வெறும் எண்ணாகத் தேடினாலும் இதே கதிதான். பதில் சரியாக வரும், இண்டெக்ஸ் மட்டும் பயன்படாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

டெலிவரி செய்யும் தம்பிக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிந்திருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. `right(phone, 4)` என்று கடைசி நான்கை வெட்டி எடுத்து, அதன்மேலேயே இண்டெக்ஸ் போடலாம். நான்கு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்புகள்தான். 20 லட்சம் ஆர்டரில் ஒவ்வொன்றுக்கும் சராசரி 200 ஆர்டர் வந்து நிற்கும். ஆகவே ஆர்டர் நேரத்தையும் அந்த இண்டெக்ஸில் இரண்டாவதாகச் சேர்த்து, இன்றைய ஆர்டர்களை மட்டும் கேட்க வேண்டும்.

தேதி வாரியான தேடல் முதலாளியின் கேள்வி. "தீபாவளி அன்னைக்கு எவ்வளவு போச்சு?" இதற்கு `ordered_at` மீது தனி இண்டெக்ஸ் வேண்டும். ஏற்கெனவே போட்டதில் போன் நம்பர் முன்னால் இருப்பதால் அது இங்கே உதவாது. கேள்வியை எழுதும் விதத்தில்தான் இங்கே பலர் வழுக்குகிறார்கள். `DATE(ordered_at) = '2025-10-20'` என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இண்டெக்ஸில் வரிசைப்படுத்தியிருப்பது நேரத்தை, அதிலிருந்து கணக்கிட்டெடுத்த தேதியை இல்லை. ஒவ்வோர் ஆர்டரையும் எடுத்துத் தேதியைக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட முடியும். இப்படிக் கேட்க வேண்டும்:

```sql
WHERE ordered_at >= '2025-10-20 00:00+05:30'
  AND ordered_at <  '2025-10-21 00:00+05:30'
```

தொடக்கத்தைச் சேர்த்து, அடுத்த நாள் தொடக்கத்துக்கு முன்னால் நிறுத்துகிறோம். `BETWEEN '2025-10-01' AND '2025-10-31'` என்று மாதக் கணக்கு எடுத்தால், 31-ஆம் தேதி நள்ளிரவு பிறந்த நொடியோடு கணக்கு முடிந்துவிடும். அன்று பகல் முழுவதும் நடந்த வியாபாரம் அறிக்கையில் வராது. `+05:30` என்பதை விட்டுவிட்டால் உலகப் பொதுநேரத்தில் ஓடும் சர்வரில், நம் ஊர் நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை வந்த ஆர்டர்கள் முந்தின நாள் கணக்கில் போய்ச் சேரும்.

ஆர்டர்கள் வந்த வரிசையிலேயே எழுதப்பட்டிருப்பது இங்கே நமக்குச் சாதகம். ஒரு நாள் ஆர்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அன்று 12,000 ஆர்டர் என்றாலும் சுமார் 300 பக்கம் படித்தால் முடிந்தது. மூன்று வருட ஆர்டரில் பெரும்பகுதியைக் கேட்டால் மட்டும் டேட்டாபேஸ் இண்டெக்ஸை விட்டுவிட்டு முழு டேபிளையும் படிக்கலாம். அது கோளாறு இல்லை, சரியான முடிவு.

இவ்வளவு உதவுகிறதே என்று எல்லாக் கட்டத்துக்கும் இண்டெக்ஸ் போடத் தோன்றும். போடக் கூடாது. ஒவ்வொரு புது ஆர்டரும் டேபிளோடு சேர்த்து எல்லா இண்டெக்ஸிலும் எழுதப்படுகிறது. 'பேக் ஆச்சு', 'அனுப்பியாச்சு' என்று நிலை மாறும் கட்டத்துக்கு இண்டெக்ஸ் போடுவது இன்னும் மோசம். இண்டெக்ஸ் இல்லாத கட்டம் மாறும்போது, பக்கத்தில் இடம் இருந்தால் போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸ்களைத் தொடாமலே வேலையை முடித்துவிடும். அந்தக் கட்டத்துக்கும் இண்டெக்ஸ் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். அத்தோடு, எல்லா ஆர்டரும் நாலைந்து நிலைகளுக்குள்தான் அடங்குகின்றன. 'டெலிவரி ஆனவை' என்று தேடினால் கிட்டத்தட்ட முழு டேபிளும் வந்து நிற்கும்.

எந்த இண்டெக்ஸ் உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று `pg_stat_user_indexes` காட்டும். அதில் `idx_scan` பூஜ்யமாகவே இருந்தால் அந்த இண்டெக்ஸ் எழுதும் வேலையைக் கூட்டுகிறதே தவிர யாருக்கும் பயன்படவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடும் தேடல்கள் இருக்கும். அதனால் ஒரு மார்ச் மாதத்தையும் ஒரு தீபாவளியையும் கடந்தபின் பார்த்துவிட்டு நீக்குவது நல்லது. ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் காக்கப் போட்ட இண்டெக்ஸ் என்றால் பூஜ்யம் காட்டினாலும் கை வைக்கக் கூடாது.