பாரம் முதலில் தண்ணீர் தலையில்தான் விழும்

ஜப்பானின் ஒசாகா விரிகுடாவில், கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவின் மேல் நிற்கிறது கன்சாய் பன்னாட்டு விமான நிலையம். 1987இல் வேலை தொடங்கியது. 1994 செப்டம்பரில் நிலையம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு மட்டும் தீவு சராசரியாக 50 செ.மீ. தாழ்ந்தது. இன்றும் ஆண்டுக்கு ஆறு செ.மீ. அளவில் தாழ்ந்துகொண்டிருக்கிறது. பாரம் ஏற்றி முடித்து முப்பது ஆண்டு கடந்த பிறகும் அடியில் இருக்கும் களிமண் ஏன் இன்னும் இறங்குகிறது?

மண்பொறியியல் வகுப்பில் இதற்குத் திரையில் ஒரு படம் வரும். ஓர் உருளை, ஒரு பிஸ்டன், நடுவில் ஒரு சுருள்வில். மாணவர்கள் படத்தை வரைந்துகொள்வார்கள்; மனதில் ஒட்டாது. சமையலறை ஸ்பாஞ்சை வைத்துப் பார்த்தால் ஒட்டும்.

நேர்ச்சுவர் கொண்ட ஒரு டப்பா. அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும் ஸ்பாஞ்ச், துளைகளில் காற்றே இல்லாதபடி தண்ணீர் குடித்து நிற்கிறது. அதன் மேல் ஓரத்தில் கசியாத ஒரு மூடித்தட்டு. தட்டில் ஊசித்துளை ஒன்று, இப்போதைக்கு விரலால் அடைத்திருக்கிறோம். தட்டின் மேல் ஒரு கிலோ படிக்கல்லை வையுங்கள். தட்டு இறங்காது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. வெளியேற வழியும் இல்லை. ஸ்பாஞ்ச் தான் இருந்தபடியே இருக்கிறது, அதற்குப் பாரம் வந்ததே தெரியாது. ஒரு கிலோவையும் தண்ணீர்தான் தாங்குகிறது.

விரலை எடுங்கள். துளை வழியாகத் தண்ணீர் மெல்லக் கசியும். கசியக் கசியத் தட்டு இறங்கும், ஸ்பாஞ்ச் சுருங்கும், சுருங்கிய அளவுக்குப் பாரத்தில் ஒரு பங்கைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். பாதியில் பார்த்தால் தண்ணீரிடம் அரை கிலோ, ஸ்பாஞ்சிடம் அரை கிலோ. கடைசியில் தண்ணீரின் கூடுதல் அழுத்தம் முழுவதும் தீர்ந்து, ஒரு கிலோவும் ஸ்பாஞ்சின் தலைக்கு வந்ததும் கசிவு நிற்கும், தட்டும் நிற்கும். மேலே வைத்த பாரம் தொடக்கம் முதல் கடைசி வரை அதே ஒரு கிலோதான். கை மாறியது மட்டுமே நடந்தது.

களிமண்ணிலும் இதேதான். மண் துகள்களின் கூடுதான் ஸ்பாஞ்ச். அந்தக் கூடு உண்மையில் தாங்கும் பங்கைப் பயனுறு தகைவு, அதாவது எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ், என்கிறோம். துளைநீர் தாங்கும் பங்கு துளைநீர் அழுத்தம். மொத்தத்திலிருந்து தண்ணீரின் பங்கைக் கழித்தால் மண்ணின் பங்கு:

σ′ = σ − u

மண் சுருங்குவதும் வலுப்பெறுவதும் இந்த σ′ ஒன்றைப் பொறுத்தே அமையும். நாலாயிரம் மீட்டர் ஆழத்துக் கடலடியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் நாலாயிரம் டன்னுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. அவ்வளவு பாரத்துக்கு அடியில் சேறு பாறையாக இறுகியிருக்க வேண்டாமா? மேற்பரப்புச் சேறு கொழகொழவென்றுதான் கிடக்கிறது. மேலிருந்து அழுத்தும் அதே தண்ணீர் துகள்களின் இடுக்கிலும் புகுந்து அதே அழுத்தத்தோடு நிற்பதால், துகளும் துகளும் அழுத்திக்கொள்ளும் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் ராபர்ட் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, கையில் கிடைத்த பொருள்களை வைத்துக் கருவி செய்து களிமண்ணை அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் வெளியேறி மண் இறுகும் வேகத்துக்கான சமன்பாட்டை 1923இல் வெளியிட்டார். இந்த மெதுவான இறுகலைத்தான் கன்சாலிடேஷன் என்கிறார்கள்.

அந்தச் சமன்பாடு சொல்லும் முக்கியமான சேதி ஒன்று உண்டு: தண்ணீர் வெளியேற நடக்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால், காலம் நான்கு மடங்காகும். ஒரு கணக்குப் போடுவோம். ஆய்வகத்தில் இரண்டு செ.மீ. தடிமனுள்ள களிமண் வில்லையை மேலும் கீழும் தண்ணீர் வடியும்படி வைத்து அமுக்குகிறோம். நடுவில் இருக்கும் தண்ணீருக்கு வெளியேற ஒரு செ.மீ. தூரம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இறுகல் 45 நிமிடத்தில் முடிகிறது என்று கொள்வோம். மென்களிமண்ணுக்கு இது நம்பக்கூடிய அளவுதான். அதே களிமண் தரையடியில் பத்து மீட்டர் தடிமனில், மேலும் கீழும் மணல் இருக்கக் கிடந்தால், தூரம் ஐந்து மீட்டர். அதாவது 500 மடங்கு. காலம் அதன் வர்க்கமான 2,50,000 மடங்கு. 45 நிமிடம் 21 ஆண்டுகளாகிவிடும். அடியில் மணலுக்குப் பதில் பாறை இருந்து, மேலே மட்டும் வழி இருந்தால் தூரம் பத்து மீட்டர். காலம் 85 ஆண்டு.

ஆகவே சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் தூரத்தைக் குறைக்க வேண்டும். கன்சாயில் அதைத்தான் செய்தார்கள். கடலடியில் சுமார் இருபது மீட்டர் தடிமனுக்கு மென்களிமண் இருந்தது. அதில் இரண்டரை மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் செங்குத்தாக மணல் தூண்களை இறக்கினார்கள். தண்ணீர் இருபது மீட்டர் ஏறி வர வேண்டியதில்லை; பக்கவாட்டில் ஒரு மீட்டர் சொச்சம் நடந்தால் மணல் வந்துவிடும், அதன் வழியே மேலே போய்விடலாம். அந்த அடுக்கு ஏறக்குறைய ஆறு மீட்டர் சுருங்கியது, அதுவும் நிலையம் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்டது. இந்தப் பகுதியைப் பொறியியலின் அழகான வெற்றி என்றே சொல்வேன்.

தொல்லை அதற்கும் கீழே. மணல் தூண்கள் எட்டாத ஆழத்தில், நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் பழைய களிமண்ணும் மணலும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. தீவின் பாரம் சதுர மீட்டருக்கு நாற்பது டன்னுக்கும் மேல். அது அந்த ஆழத்தையும் எட்டுகிறது. இடையிலிருக்கும் மணல் அடுக்குகள் எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இல்லை, ஆகவே தண்ணீர் தாராளமாக வடிய வழியில்லை. அங்கே துளைநீர் இன்னும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டிருக்கிறது. அது வடிந்து தீரும் வரை தீவு இறங்கும்.

தீவு முழுவதும் ஒரே சீராக இறங்கினால் கட்டடம் உடையாது. ஒரு தூண் கூடவும் பக்கத்துத் தூண் குறையவும் இறங்குவதுதான் சுவரையும் கண்ணாடியையும் பிளக்கும். அதனால் முனையக் கட்டடத்தின் சுமார் 900 தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு சொருகி மட்டம் சரிசெய்யும்படி முதலிலேயே வடிவமைத்துவிட்டார்கள்.

ஸ்பாஞ்ச் ஓர் இடத்தில் நம்மை ஏமாற்றும். கல்லை எடுத்தால் ஸ்பாஞ்ச் மறுபடி உப்பி எழும். இறுகிய களிமண் மிகக் கொஞ்சமே எழும். இது பொறியாளருக்குச் சாதகம். கட்டப்போகும் கட்டடத்தைவிடக் கூடுதல் எடைக்கு மண்ணைக் குவித்து வைத்து, இறுகிய பிறகு அதை அள்ளிவிட்டுக் கட்டினால், பின்னால் வரும் இறக்கம் சொற்பம்தான். ஆனால் அவசரப்பட்டு ஒரேயடியாகக் குவிக்கக் கூடாது. அந்த நேரத்தில் பாரம் முழுவதும் தண்ணீரிடம் இருக்கும், மண்ணுக்குக் கூடுதல் வலு வந்திருக்காது, மேடே சரிந்துவிடும். அதனால்தான் பீசோமீட்டர் என்ற கருவியைக் களிமண்ணுக்குள் புதைத்து, துளைநீர் அழுத்தம் எவ்வளவு தணிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்த அடுக்கு மண்ணைக் கொட்டுகிறார்கள்.

ஏரியையோ சதுப்பையோ தூர்த்த இடத்தில் மனை வாங்குகிறவர்கள் இதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டினாலே சதுர மீட்டருக்கு மூன்றரை டன் பாரம். ரோலர் ஓட்டினால் மேலே கொட்டிய மண்தான் கெட்டிப்படும். அடியில் கிடக்கும் களிமண்ணின் தண்ணீரை ரோலரால் பிழிய முடியாது. மண் எப்போது கொட்டியது, அடியில் களிமண் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். துளையிட்டு எடுத்த மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.